முப்பது லென்த், ஐம்பத்தொன்பது நொடி

கேள்வி: "50 மீட்டர் குளத்தில் 1500 மீட்டர் நீந்துகிறேன். பன்னிரண்டு, பதிமூன்றுக்கு மேல் எண்ணிக்கை குழம்பிவிடுகிறது. போன வாரம் என் மகன் கரையில் நின்று நேரம் குறித்தான். முதல் பத்து லென்த் 9:40, அடுத்த பத்து 10:25, கடைசிப் பத்து 10:55. மொத்தம் 31 நிமிடம். அரை மணிக்குள் முடிக்க ஒரு லென்த்துக்கு எவ்வளவு நேரம் வைத்துக்கொள்வது?"
- வாசகர், சென்னை

பதில்: 60 நொடி என்று வைத்தால் ஒரு டர்ன் சொதப்பினாலே அரை மணி தாண்டிவிடும். அதனால் 59 வையுங்கள். பத்தாவது சுவரில் 9:50, இருபதாவதில் 19:40, முடிவில் 29:30. இந்த மூன்றை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். மூன்றும் நீங்கள் கிளம்பிய சுவரிலேயே வரும். எனவே கடிகாரம் கண்ணில் படும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

எண்ணும்போது முடித்த லென்த்தை எண்ணாதீர்கள், நீந்திக்கொண்டிருப்பதை எண்ணுங்கள். சுவரை உதைக்கும்போதே 'ஏழு' என்று ஆரம்பித்து, மூச்சுக்கு மூச்சு ஏழு, ஏழு என்றே மனதில் சொல்லுங்கள். எண் மறப்பது பெரும்பாலும் டர்னில்தான், கவனம் அங்கே காலுக்குப் போய்விடுகிறது. கிளம்பிய சுவரைத் தொடும்போது மனதில் ஒற்றைப்படை எண் இருந்தால் தப்பு நடந்திருக்கிறது. ஆனால் போய்வருவதை ஒரே ரவுண்டாக நினைத்து இரண்டு லென்த்தை விட்டுவிட்டால் இது காட்டிக்கொடுக்காது. அதைக் கடிகாரம்தான் பிடிக்கும். பத்து முடிந்தது என்று நினைக்கிறீர்கள், கடிகாரம் 11:48 காட்டுகிறது என்றால் நீங்கள் மெதுவாகிவிடவில்லை, பன்னிரண்டு நீந்திவிட்டீர்கள். ஐந்து பத்து நொடி பிசகினால் அது வேகக் கணக்கு. முழுசாக ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் பிசகினால் எண்ணிக்கைக் கணக்கு.

அப்புறம், உங்கள் மகன் குறித்த எண்களைப் பாருங்கள். முதல் பத்தில் லென்த்துக்கு 58 நொடி, கடைசிப் பத்தில் 65-க்கும் மேல். தொடக்கத்தில் உடம்பு புதுசு, 56 கூட சும்மா நீந்துவதுபோல் இருக்கும். அங்கே சம்பாதித்த பத்து நொடிக்குப் பின்னால் ஒரு நிமிடத்துக்கும் மேல் கட்டியிருக்கிறீர்கள். ஆகவே அடுத்த முறை முதல் பத்தை 9:40-ல் அல்ல, வேண்டுமென்றே 9:50-ல் முடிக்க வேண்டும். ஏதோ குறைவாக உழைப்பதுபோல் தோன்றும், விட்டுவிடுங்கள்.

59 உங்களுக்கு இப்போதே கட்டுப்படியாகுமா என்று ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். 100 மீட்டரைப் பத்து தடவை, ஒவ்வொன்றும் 1:58-ல், நடுவில் 15 நொடி ஓய்வு. பத்தாவதும் 1:58-ல் நின்றால் சரி, நேராக இறங்கலாம். ஆறாவதிலேயே 2:02 ஆகிவிட்டால் இந்த மாதத்துக்கு 61 நொடி, அதாவது 30:30 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பத்தாவது சுவரில் 10:10 காட்ட வேண்டும்.