பழைய நகையை விற்கும்போது ஹால்மார்க் எவ்வளவு காப்பாற்றும்? கேள்வி பதில்

இருபது ஆண்டுகளுக்கு மேல் தங்கப் பரிசோதனை மையங்களில் வேலை பார்த்தவன் நான். தங்கத்தின் தரம், விற்கும்போது கைக்கு வரும் தொகை ஆகிய இரண்டைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒருவர்: 2009இல் வாங்கிய மூன்று பவுன் சங்கிலி. பில்லில் ‘916 கேடிஎம்’ என்று இருக்கிறது, முத்திரை இல்லை. கடையில் பத்து சதவீதம் கழிப்போம் என்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் அம்மா. கேடிஎம் என்பது பற்றவைப்பில் கேட்மியம் சேர்ந்தது என்பதைத்தான் சொல்கிறது. அது தரத்துக்கு யாரும் கொடுத்த உறுதி அல்ல. 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட். பில்லில் அதை எழுதியது கடைக்காரரின் பேனா. ஹால்மார்க் முத்திரை என்றால், கடைக்கு வெளியே இருக்கும் மையம் ஒன்று நகையைச் சோதித்துவிட்டுப் பொறித்தது.

முத்திரை இல்லாததால் உங்கள் தங்கம் மட்டமாகிவிடாது. தரம் தெரியாததால் வாங்குபவர் தன் பாதுகாப்புக்குக் கழிக்கிறார். அந்தத் தெரியாமையைப் போக்க வேண்டியதுதான் உங்கள் வேலை. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் அங்கீகாரம் பெற்ற மையத்துக்கு நகையை நீங்களே எடுத்துப் போகலாம். நான்கு உருப்படி வரை 200 ரூபாயும் வரியும்தான் கட்டணம். அறிக்கை தருவார்கள். முத்திரை மட்டும் பதிவு பெற்ற நகைக்கடை வழியாகத்தான் கிடைக்கும்.

கணக்குக்காக 22 காரட் கிராம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 24 கிராமுக்கு 2,16,000. கடை பத்து சதவீதம் கழித்தால் 1,94,400 வரும். அறிக்கையில் 88.4 சதவீதம் என்று வந்ததாக வையுங்கள். 24 கிராமில் சுத்தத் தங்கம் 21.216 கிராம். அதை 0.916ஆல் வகுத்தால் 23.16 கிராம் 916 தங்கத்துக்குச் சமம், விலை ஏறக்குறைய 2,08,450. தரம் குறைந்திருந்தும் பதினான்காயிரம் ரூபாய் அதிகம். அறிக்கையைக் காட்டி இந்தக் கணக்கில் விலை கேளுங்கள். ஒரு கடை மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

சேலத்திலிருந்து ஒருவர்: ஹால்மார்க் இருந்தால் திரும்ப விற்கும்போது எதுவும் கழிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறதே?

பாதி சரி. 916 என்று முத்திரையிட்டு விற்ற நகை சோதனையில் அதற்குக் குறைந்தால், குறைந்த தரத்துக்கான தொகையைப் போல இரு மடங்கையும் சோதனைக் கட்டணத்தையும் விற்றவர் தர வேண்டும். 2018ஆம் ஆண்டு பிஐஎஸ் விதிகளில் இது இருக்கிறது. அதற்கு பில் வேண்டும், பத்திரமாக வையுங்கள். ஆனால் திரும்ப வாங்கும் விலையை அந்த விதி தீர்மானிப்பதில்லை. செய்கூலி, சேதாரம், வரி எதுவும் திரும்பாது. கல்லின் எடையும் போகும். முத்திரை காப்பது தரத்தின் பெயரால் நடக்கும் கழிவிலிருந்து மட்டும்.

திருச்சியிலிருந்து ஒருவர்: என் நகையில் ஹால்மார்க்கோடு வரும் HUID என்ற ஆறெழுத்து எண் இல்லை. இனி விற்கவே முடியாதா?

முடியும். எண் இல்லாமல் விற்கக் கூடாது என்ற தடை 2023 ஏப்ரல் 1 முதல் கடைகளுக்கு, உங்களுக்கு அல்ல. நான்கு குறிகள் கொண்ட பழைய முத்திரையும் செல்லும்.

நாமக்கல்லிலிருந்து ஒருவர்: வைரத்தின் சான்றிதழைப் பற்றிச் சொல்லுங்கள்.

அது என் துறை அல்ல. கல் பரிசோதிப்பவரிடம் கேளுங்கள்.

மதுரையிலிருந்து ஒருவர்: எண் இருக்கிறது. உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

BIS Care செயலியில் Verify HUID பகுதியில் எண்ணை இடுங்கள். எண் இருப்பதோடு நிறுத்தாமல், அங்கே சொல்லும் நகை உங்கள் கையில் இருக்கும் நகைதானா, தரம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். செயலி மோதிரம் என்று சொல்லி, கையில் சங்கிலி இருந்தால் அது திருட்டு முத்திரை. சின்ன நகையின் முத்திரைத் துண்டை வெட்டிப் பெரிய நகையில் ஒட்டியதை நானே பார்த்திருக்கிறேன். எண்ணைச் சுற்றிப் பற்றவைத்த தடம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

கோவையிலிருந்து ஒரு பத்தர்: மையத்துக்குப் போகச் சொல்லி, அங்கே தரம் பார்க்கும் எக்ஸ்ரே இயந்திரத்தை நம்பச் சொல்கிறீர்கள். அது மேல்தோலைத்தான் பார்க்கும். நாற்பது வருடமாக உரைகல்லில் பார்க்கிறேன், தவறியதில்லை.

ஐயா, முதல் பாதி சரி. எக்ஸ்ரே இயந்திரம் மேற்பரப்பில் சில மைக்ரான் ஆழம்தான் பார்க்கும். கனமாகப் பூச்சு ஏற்றியிருந்தால் ஏமாறும். பற்றவைத்த இடத்தில் ஓர் அளவு, வளையத்தில் வேறு அளவு காட்டும். ஆனால் உரைகல்லில் தேர்ந்த கைக்கும் ஓரிரு சதவீதம் முன்பின் ஆகும். மூன்று பவுனில் இரண்டு சதவீதம் என்பது அரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. கடைசித் தீர்ப்பு புடம் போடுவதுதான். சிறிது தங்கத்தைச் சுரண்டி, வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் சுற்றி உலையில் வைத்தால், ஈயத்தோடு செம்பும் கிண்ணத்தில் இறங்கிவிடும். மீந்த மணியைத் தட்டி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தால் வெள்ளி கரைந்து தங்கம் மட்டும் நிற்கும். அதை நிறுத்தால் பொய் சொல்லாது.

அதே பத்தர்: சுரண்டினால் நகை போகிறது. விற்க வந்தவர் உருக்கிப் பார்த்துவிட வேண்டியதுதானே?

விற்பது முடிவாகிவிட்டால் உருக்குவதுதான் நேர்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உருக்கும் இடத்தில்தான் இருமுறை கழிக்கிறார்கள். 24 கிராம் உருகியபின் 23.7 ஆகிறது. போனது அழுக்கும் அரக்கும், மிஞ்சினால் கொஞ்சம் செம்பும். தங்கம் போகவில்லை, ஆகவே செம்பு போன அளவுக்கு மிஞ்சிய கட்டியின் தரம் நகையில் கண்ட அளவைவிடச் சற்று ஏறியிருக்கும். எடையை உருக்கிய பிறகும், தரத்தை உருக்கும் முன்பும் எடுத்துப் பெருக்குபவர் உங்கள் தங்கத்தை விழுங்குகிறார். இரண்டையும் கட்டியிலேயே எடுக்க வேண்டும்.

வங்கியில் நகை மதிப்பிடும் ஒருவர்: உருக்கும்போது தங்கமும் தெறித்துப் போகும், மூசையில் ஒட்டும். பத்தர்களுக்கு இது தெரியும். நீங்கள் மையத்தில் உட்கார்ந்து பேசுகிறீர்கள்.

ஒட்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்த மூசை யார் வீட்டுக்குப் போகிறது? தேய்த்தெடுத்தால் தங்கம் உருக்கியவருக்குத்தான் மிஞ்சும். அதன் நட்டத்தை ஏன் விற்பவர் தாங்க வேண்டும்? இதில் உங்களோடு நான் ஒத்துப்போகப் போவதில்லை.

திருநெல்வேலியிலிருந்து ஒருவர்: என் மாமியார் வளையலில் எண் இல்லை, விற்க முடியாதா?

திருச்சிக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். இன்னொரு முறை எழுத மாட்டேன்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: நாளை உருக்கக் கொடுக்கப் போகிறேன். என்ன கேட்க வேண்டும்?

தம்பி, உருக்கும் முன் எடையை எழுதி வாங்குங்கள். உருக்குவதைக் கண்ணால் பாருங்கள், பின்கட்டுக்குக் கொண்டுபோக விடாதீர்கள். கட்டியை உங்கள் கண் முன்னேயே நிறுக்கச் சொல்லுங்கள். தரத்தை அந்தக் கட்டியில் எடுக்கச் சொல்லி, அன்றைய விலையோடு எழுதிக் கேளுங்கள். விலை பிடிக்காவிட்டால் கட்டியைத் திரும்பத் தருவார்களா என்பதையும் உருக்கும் முன்பே கேளுங்கள். தர மாட்டோம் என்றால் உருக்காமல் எழுந்து வாருங்கள். உருகிய பிறகு அது நகையும் அல்ல, முத்திரையும் இல்லை. அடுத்த கடையில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.