அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்காதது ஏன்?

தென்மராட்சி வயலில் களை பிடுங்கும்போது அம்மாவின் கணுக்காலில் அட்டை கடித்தது. உப்புப் போட்டுக் கழற்றினோம். இரண்டு மணித்தியாலமாகியும் இரத்தம் கசிகிறதே, ஏன்?

அட்டையின் உமிழ்நீரில் உள்ள ஹிருடின் என்னும் புரதம், இரத்தத்தை உறையச் செய்யும் துரோம்பினைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது. ஆகவே அட்டை போன பின்னும், உமிழ்நீரின் தாக்கம் தீரும்வரை, சில மணித்தியாலங்கள் கசிவது வழமையே. சுத்தமான துணியை மடித்து, இடையில் எடுத்துப் பார்க்காமல், கால் மணித்தியாலமாவது அழுத்திப் பிடித்துக் காலை உயர்த்தி வையுங்கள்.

உப்பு, சுண்ணாம்பு, நெருப்பு ஆகியவற்றை நான் விரும்புவதில்லை (எங்கள் வீட்டிலும் உப்புப் போத்தலோடுதான் வயலுக்குப் போவார்கள்). அவற்றால் அட்டை விழும். ஆனால் குடலில் உள்ளதைக் காயத்தில் கக்கிவிடக்கூடும், அந்தக் குடலில் ஏரோமோனாஸ் என்னும் பக்டீரியா வாழ்கிறது. அட்டைக்கு இரு முனையிலும் உறிஞ்சி உண்டு. மெலிந்த முனையே வாய். அதன் ஓரத்தில் தோலோடு ஒட்ட நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் பிடி விடும், பிறகு தடித்த முனையையும் அவ்வாறே விடுவித்து, சவர்க்காரமிட்டுக் கழுவலாம்.

இரண்டு மூன்று நாள் சொறிவு இருக்கும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவரானாலோ, அழுத்தியும் இரத்தம் நிற்காவிட்டாலோ, சிவப்பு பரவிக் காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.