ஒரு பெரிய லிஃப்டா, இரண்டு சின்னதா?

"தரைத்தளத்துக்கு மேல் 8 மாடி, மாடிக்கு 4 வீடு. 13 பேர் லிஃப்ட் ஒன்று போதுமா? லாபி ஆழம் 1.2 மீட்டர்தான்."

ஒன்று போதாது. 32 வீட்டில் சுமார் 110 பேர் இருப்பார்கள். காலை நெரிசலில் ஐந்து நிமிடத்துக்கு 7 பேர் போல இறங்குவார்கள். அதற்கு 13 பேர் கூண்டு பெரும்பாலும் காலியாகத்தான் ஓடும். உங்கள் சிக்கல் கொள்ளளவு அல்ல, லிஃப்ட் ஒருமுறை போனபின் மறுபடி வர ஆகும் இடைவெளி.

மாடிக்கு 3 மீட்டர் என்றால் 24 மீட்டர் உயரம். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஏறி இறங்க 48 நொடி, நான்கு நிறுத்தங்களில் கதவுக்கும் ஆட்களுக்கும் இன்னொரு 40. ஆக, ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம். இரண்டு லிஃப்டை ஒரே கட்டுப்பாட்டில் இணைத்தால் இடைவெளி பாதியாகும். ஒன்று பழுதானாலும் எட்டாவது மாடிக்காரர் படியேற வேண்டாம். அதிவேக மோட்டாருக்குக் காசு போடாதீர்கள், நேரத்தில் பாதி கதவில்தான் போகிறது.

இரண்டும் சின்னதாக வேண்டாம். ஒன்று 8 பேர் (630 கிலோ, 1.1 × 1.4 மீட்டர்), மற்றது 1000 கிலோ, 1.1 × 2.1 மீட்டர். இதில்தான் ஸ்ட்ரெச்சர் படுக்கைவாட்டில் நுழையும்.

அப்புறம் லாபி. 1.2 மீட்டரில் சக்கர நாற்காலி திரும்பாது, குறைந்தது 1.5 வேண்டும். நீளக் கூண்டுக்கு எதிரே 2.1 விட்டால்தான் ஸ்ட்ரெச்சரைத் திருப்ப முடியும். இடமில்லையென்றால் அந்தக் கதவை நடைபாதையின் முனைக்கு நேராக வையுங்கள், நேரே தள்ளிவிடலாம். தரைத்தளத்தில் காத்திருப்போர் நிற்குமிடம் நுழைவாயிலிலிருந்து படிக்கட்டுக்குப் போகும் வழியில் விழக்கூடாது.