ஆறு நாள் தாமதமான நன்றி

அன்புள்ள ஐயா,

சென்ற வியாழக்கிழமை ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் நேர்காணலுக்குச் சென்றிருந்தேன். மருந்துப் பெட்டிகளுக்குள் வைக்கப்படும் விளக்கத் தாள்களைத் தமிழாக்கும் வேலை. மூன்று பேர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அன்பாகப் பேசினார்கள். அன்றே நன்றி தெரிவித்து எழுதியிருக்க வேண்டும். ஒவ்வாமைக்கும் பக்க விளைவுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டபோது நான் உளறியது உறுத்திக்கொண்டே இருந்ததால், நாளை நாளை என்று தள்ளிப்போட்டுவிட்டேன். இன்று புதன்கிழமை. இனி எழுதினால் வேலைக்காகக் குழைவதுபோல் தோன்றாதா? காய்ச்சல் என்று எழுதிவிடச் சொல்கிறாள் தோழி. என் வரைவை இணைத்துள்ளேன். மூவருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டுமா? தமிழிலா, ஆங்கிலத்திலா? முடிவை இரண்டு வாரத்தில் தெரிவிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வி., கோயம்புத்தூர்

அன்புள்ள வி.,

உங்கள் கடிதத்தில் ‘காய்ச்சல்’ என்ற சொல்லுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். சில நாள்களாகவே என் பழைய காகிதங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறேன். அவற்றுள் ஒரு 15 பைசா அஞ்சலட்டை அகப்பட்டது. 1991ஆம் ஆண்டு ஜூலை மாதம் நானே எழுதியது, பிறகு என்னிடமே திரும்பி வந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் சிறிய கேள்விகளை முடித்துவிடுவோம். உங்களுக்கு அழைப்பு வந்த மின்னஞ்சலுக்கே பதிலாக எழுதி, மூவரின் முகவரியையும் சேர்த்துவிடுங்கள். அந்தத் தொடரிலேயே வந்தால்தான் நீங்கள் எந்த நாளில் எந்த வேலைக்கு வந்தவர் என்பது அவர்களுக்கு உடனே நினைவுக்கு வரும். அவர்கள் எந்த மொழியில் பேசினார்களோ அந்த மொழியில் எழுதுங்கள். குழைவதுபோல் இருக்குமா என்று கேட்டதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அது வெட்கம் உங்களிடம் கேட்கும் கேள்வி. அந்த மூவரும் அப்படிக் கேட்கவில்லை.

நான் 18 ஆண்டுகள் இத்தகைய மேசைகளின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நடப்பது இதுதான். வந்தவர் வெளியே போனதும், ஒருவர் மற்றவரிடம் பேசுவதற்கு முன்பே, அவரவர் தாளில் அவரவர் மதிப்பெண்ணைக் குறித்துவிடுவோம். ஒருவர் கருத்து மற்றவரைச் சாய்த்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஆகவே உங்கள் நன்றி அன்று மாலையே போயிருந்தாலும் அந்தத் தாளில் அரை மதிப்பெண் கூடியிருக்காது. இதைச் சொல்வதற்குக் காரணம், ஆறு நாள் தாமதத்தால் எதையோ பெரிதாக இழந்துவிட்டதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அப்படி எதையும் இழக்கவில்லை என்பதுதான்.

அந்தக் கடிதம் பயன்படும் இடம் வேறு. முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குப் பழைய நிறுவனத்தில் 60 நாளோ 90 நாளோ அறிவிப்புக் காலம் இருக்கும். அதற்குள் பழைய முதலாளி சம்பளத்தைக் கூட்டித் தருவார், அவர் வரமாட்டேன் என்பார். அப்போதுதான் பட்டியலில் இரண்டாவதாக இருந்த பெயரைத் தேடுவோம். வாரங்கள் கடந்திருக்கும், முகங்கள் கலங்கியிருக்கும். அஞ்சல் பெட்டியில் பெயரைத் தட்டினால் விண்ணப்பம் வரும், அதன்மேல் ஒரு நன்றிக் கடிதமும் வரும். அதைப் படிக்கும்போது அது எத்தனை நாள் கழித்து வந்தது என்று நாங்கள் கணக்குப் பார்ப்பதில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பார்ப்போம்.

என்ன எழுதியிருக்கிறது? உங்கள் வரைவை எடுத்துக்கொள்வோம். ‘பல்வேறு தவிர்க்க இயலாத காரணங்களால் உடனடியாகத் தங்களைத் தொடர்புகொள்ள இயலாமல் போனமைக்கு மிகவும் வருந்துகிறேன்’ என்று தொடங்குகிறீர்கள். அடுத்த வரியில் மன்னிப்பு, அதற்கடுத்த வரியில் பெருந்தன்மையோடு பொறுத்தருள வேண்டுகோள். நன்றி என்ற சொல் ஐந்தாவது வரியில்தான் வருகிறது, அதுவும் மூச்சிரைத்துக்கொண்டு. அம்மா, ‘தவிர்க்க இயலாத காரணங்கள்’ என்பது தேரோட்டம் தள்ளிப்போனதற்கும் குடிநீர் வராததற்கும் ஒட்டப்படும் அறிவிப்பில் இருக்க வேண்டிய தொடர். யார் தவறு என்பதைச் சொல்லாமல் இருப்பதற்காகவே செய்யப்பட்ட தொடர் அது. மொழிபெயர்ப்பு வேலைக்குப் போகிறவர் சொல்லின் உள்நோக்கம் தெரியாமல் எழுதலாமா? அதைப் படிக்கும் மூவரும் நாள் முழுவதும் சொற்களைச் சோதித்துக்கொண்டிருப்பவர்கள். காரணம் ஒன்று இருக்கிறது, அதை இவர் மறைக்கிறார் என்று முதல் வரியிலேயே தெரிந்துகொள்வார்கள்.

காய்ச்சல் என்பது அதைவிட மோசம். இனி அந்த அஞ்சலட்டை.

மதுரையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலைக்கு நேர்காணல். முதலாளியே நடத்தினார். அவருக்கு அப்போது அறுபது வயதிருக்கும். காப்பி வாங்கிக்கொடுத்து, ஒரு மணி நேரம் சந்திப்பிழைகளைப் பற்றி மட்டும் பேசினார். வீட்டுக்கு வந்ததும் ‘பெரியவருக்கு ஒரு கார்டு போட்டுவிடு’ என்றார் அப்பா. நான் போடவில்லை. நண்பர்களோடு குற்றாலம் போய்விட்டேன். அது சாரல் காலம். பதினோராவது நாள் அருவியில் குளித்துவிட்டு வந்து, குற்ற உணர்ச்சி தாளாமல், அங்கேயே ஓர் அட்டை வாங்கி எழுதினேன். மஞ்சள் காமாலை கண்டு படுக்கையில் இருந்தபடியால் உடனே நன்றி தெரிவிக்க இயலவில்லை என்று.

ஆகஸ்டு முதல் தேதி வேலையில் சேர்ந்தேன். முதல் நாள் காலை பெரியவர் கேட்டார்: ‘தம்பி, காமாலை இறங்கிவிட்டதா?’ இறங்கிவிட்டது என்றேன். ‘அப்படியெல்லாம் விட்டுவிடக் கூடாது’ என்று சொல்லி, மறுநாள் முதல் தம் வீட்டிலிருந்து கீழாநெல்லி அரைத்து மோரில் கரைத்துக் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார். ஒன்பது காலைகள் குடித்தேன். மாலையில் எல்லோருக்கும் வடை வரும். ‘தம்பிக்கு எண்ணெய் ஆகாது’ என்று என் மேசையைத் தாண்டிப் போகும். உப்பில்லாமல் சாப்பிடுகிறேனா என்று என் சாப்பாட்டுப் பாத்திரத்தைக்கூட ஒரு நாள் விசாரித்தார். பொய் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள ஒவ்வொரு நாளும் வாயெடுப்பேன். அதற்குள் மோர் வந்துவிடும்.

பத்தாம் நாள் மோர் வரவில்லை, அட்டை வந்தது. என் மேசையில் மெய்ப்புகளுக்கு நடுவே வைத்துவிட்டுப் போனார். என் எழுத்தில் அவர் எதையும் திருத்தியிருக்கவில்லை. அஞ்சல் முத்திரையைச் சுற்றி மட்டும் சிவப்பு மையில் ஒரு வட்டம். குற்றாலம். நாளும் தெளிவாக விழுந்திருந்தது. ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். ‘உன்னை எடுப்பதாக அன்று மாலையே முடிவு செய்துவிட்டேன் தம்பி, இந்தக் கார்டு வந்த பிறகுதான் யோசித்தேன்’ என்றார். பிறகு, ‘ஊர் சுற்றப் போனேன், எழுத மறந்தேன் என்று போட்டிருந்தால் சிரித்திருப்பேன்’ என்றும் சொன்னார்.

முத்திரையின் காலம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நீங்கள் காய்ச்சலில் கிடந்ததாகச் சொல்லும் ஞாயிற்றுக்கிழமையில் ஏதேனும் திருமண வீட்டுப் படத்தில் சிரித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். அந்த மூவரில் ஒருவர் கண்ணில் அது படும். படாவிட்டாலும், வேலையில் சேர்ந்த முதல் நாள் ஒருவர் ‘உடம்பு எப்படி இருக்கிறது?’ என்று கேட்பார். அப்போது உங்களுக்கு என் கீழாநெல்லி நினைவுக்கு வரும்.

உண்மை என்றால் முழு உண்மையையும் கொட்ட வேண்டும் என்பதில்லை. சொல்வது உண்மையாக இருந்தால் போதும். வீட்டில் ஒரு சாவு நேர்ந்திருந்தால் ‘வீட்டில் ஒரு துக்கம்’ என்று மூன்று சொல்லில் நிறுத்திவிடலாம். யார், எப்படி என்று விவரித்தால் அது இரக்கத்தைக் கேட்பதாகிவிடும். வேறு நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருந்தீர்கள் என்றால் ‘எழுதத் தாமதித்துவிட்டேன், தவறு என்னுடையது’ என்பதே போதும். ஒரு நாளோ இரண்டு நாளோ தாமதமானால் காரணமே சொல்லக் கூடாது. அவர்கள் கவனித்திராத தாமதத்தை நீங்களே சுட்டிக்காட்டியதாகிவிடும். முடிவு தெரிந்த பிறகு எழுதுவதானாலும் காரணம் வேண்டாம், நன்றி மட்டும் எழுதுங்கள். உங்களுடையது இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. ஆறு நாள் என்பது கண்ணில் படும், முடிவும் இன்னும் வரவில்லை. இங்கேதான் அந்த ஒரு வரிக்கு வேலை.

உங்களிடம் அந்த வரி முன்பே இருக்கிறது. எனக்கு எழுதிவிட்டீர்கள், அவர்களுக்கு எழுத அஞ்சுகிறீர்கள். உங்கள் வரைவிலிருந்து நன்றியை மேலே தூக்கி, மற்றதைக் கழித்துவிட்டு இப்படி அமைத்திருக்கிறேன்:

‘வியாழக்கிழமை எனக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு உங்கள் மூவருக்கும் நன்றி. ஒவ்வாமை பற்றிய கேள்விக்கு நான் சொன்ன பதில் உறுத்திக்கொண்டிருந்ததால், இதை எழுதுவதை ஆறு நாள் தள்ளிப்போட்டுவிட்டேன். ஒவ்வாமை என்பது உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு மருந்துக்குக் காட்டும் எதிர்வினை. பக்க விளைவு என்பது பெரும்பாலும் மருந்தின் செயலோடு கூடவே வருவது. நோயாளி படிக்கும் தாளில் இரண்டையும் ஒரே சொல்லால் எழுதக் கூடாது என்பதை உங்கள் கேள்வியால்தான் கவனித்தேன். மேற்கொண்டு மாதிரி மொழிபெயர்ப்பு ஏதேனும் தேவைப்பட்டால் செய்து அனுப்புகிறேன்.’

காரணம் இரண்டாவது வரியில் வருகிறது, ஒரு முறை வருகிறது, அதோடு முடிந்துவிடுகிறது. ‘மன்னிக்கவும்’ வேண்டுமென்றால் அந்த வரியின் இறுதியில் ஒரு முறை சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் இன்னொரு முறை வேண்டாம். மூன்றாவது வரியை நீட்டிப் பாடமாக்கிவிடாதீர்கள். விட்ட மதிப்பெண்ணைத் திரும்பக் கேட்பதுபோல் ஆகிவிடும். அங்கேதான் உண்மையிலேயே குழைவு தொடங்கும். கருத்தும் சொற்களும் உங்களுடையனவாக இருக்க வேண்டும் என்பதால், இதை அப்படியே எடுத்துப் போடாமல் உங்கள் நடைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்றே அனுப்பிவிடுங்கள். நாளைக்கு வைத்தால் ‘ஆறு நாள்’ என்பதைத் திருத்த வேண்டியிருக்கும்.