தொலைந்த நம்பர், தொலையாத சாட்: வாட்ஸ்அப்பை மீட்பது எப்படி?

*பஸ்ஸில் போனைத் தொலைத்துவிட்டேன். சிம்மும் அதோடு போய்விட்டது. புது ஆண்ட்ராய்டு போனில் வேறு நம்பர் போட்டால் பழைய வாட்ஸ்அப் சாட் வருமா? சிம் அண்ணன் பெயரில் இருக்கிறது. இரண்டாயிரம் கொடுத்தால் எடுத்துத் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார்.*

வேறு நம்பரில் வராது. உங்கள் சாட்டின் பேக்கப் கூகுள் கணக்கில் இருந்தாலும், அது பழைய நம்பரோடு பூட்டப்பட்டிருக்கிறது. நம்பர், ஜிமெயில் இரண்டும் பழையதாகவே இருந்தால்தான் திறக்கும். கடைக்காரரிடம் தனி வழி எதுவும் கிடையாது. அவர் உங்களிடம் ஓடிபி வாங்கித்தான் உள்ளே போக முடியும். போய்விட்டால் கணக்கு அவர் கையில். கூகுளில் தேடினால் கிடைக்கும் 'வாட்ஸ்அப் கஸ்டமர் கேர்' நம்பர்களும் இதே ரகம்தான். ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

முதல் வேலை, பழைய சிம்மை முடக்கி அதே நம்பரில் டூப்ளிகேட் சிம் வாங்குவது. சிம் அண்ணன் பெயரில் இருப்பதால் நீங்கள் போனால் தரமாட்டார்கள். உங்கள் ஆதார், நீங்கள் கட்டிய ரீசார்ஜ் ரசீது எதுவும் செல்லாது. அண்ணனே அசல் அடையாள அட்டையோடு நிறுவனத்தின் சொந்த ஷோரூமுக்குப் போக வேண்டும். 'யார் ஆதாராவது கொடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்' என்பவரிடம் மாட்டாதீர்கள். அப்படி வாங்குவது புதுச் சிம்மாகத்தான் இருக்கும், பழைய நம்பர் வராது.

டூப்ளிகேட் சிம் வேலை செய்யத் தொடங்கிய முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. சிம் மாற்றி நடக்கும் மோசடியைத் தடுக்க வைத்த விதி, நல்ல விதிதான். ஆனால் சிம்மைக் கையில் கொடுக்கும்போது இதை ஒரு வார்த்தை சொல்ல என்ன கஷ்டமோ தெரியவில்லை. விஷயம் தெரியாமல் ஓடிபிக்காகத் திரும்பத் திரும்ப அழுத்தினால், வாட்ஸ்அப் அடுத்த முயற்சிக்கான காத்திருப்பை நீட்டிக்கொண்டே போகும். ஒரு நாள் பொறுங்கள்.

வாட்ஸ்அப் போடுவதற்கு முன் புதுப் போனில் பழைய ஜிமெயிலில் நுழையுங்கள். கூகுள் டிரைவ் செயலியில் Backups பகுதியில் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதன் தேதியும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வாட்ஸ்அப்பை நிறுவி ஓடிபி கொடுங்கள். Restore கேட்கும். அவசரத்தில் Skip அழுத்திவிடாதீர்கள். அழுத்திவிட்டால் அன்று இரவே காலிக் கணக்கின் பேக்கப் பழையதன் மேல் ஏறிவிடலாம். அதற்குள் வாட்ஸ்அப்பை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி நிறுவினால் Restore திரும்ப வரும்.

வாட்ஸ்அப் ஆறு இலக்க பின் நம்பர் கேட்டு, அது மறந்து, மீட்பு மின்னஞ்சலும் கொடுத்திருக்கவில்லை என்றால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். பேக்கப்புக்குத் தனி பாஸ்வேர்ட் வைத்து மறந்திருந்தால் அதை யாராலும் திறக்க முடியாது.

டிரைவில் பேக்கப்பே இல்லையென்றால் அந்த சாட் தொலைந்த போனில் மட்டும்தான் இருந்தது. முக்கியமான உரையாடல்களை எதிர்முனையில் இருப்பவரிடம் கேளுங்கள். அவர் போனில் அந்தச் சாட்டைத் திறந்து Export chat கொடுத்தால் கோப்பாக உங்களுக்கு அனுப்பிவிடலாம்.