‘ஹைபிரிட்’ என்று மட்டும் போட்டிருந்தால் எப்படிக் கேட்பது?

கேள்வி: அக்கா, கணக்கியல் டிப்ளோமா முடித்துவிட்டு சுங்கை சிப்புட்டில் அம்மாவோடு இருக்கிறேன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கம்பெனி, கணக்கு உதவியாளர் வேலை, ‘ஹைபிரிட்’ என்று மட்டும் JobStreet-இல் போட்டிருக்கிறது. வீட்டிலிருந்து செய்யலாமா என்று கேட்டால் சோம்பேறி என்று நினைப்பார்களோ?

பதில்: தாராளமாகக் கேளுங்கள் தங்கச்சி, ஆனால் அந்த வார்த்தைகளில் வேண்டாம். மனிதவளப் பிரிவில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன். ‘வீட்டிலிருந்து செய்யலாமா’ என்றால் சலுகை கேட்பதுபோல் படும். ‘வாரத்தில் எத்தனை நாள் ஆபிஸ்’ என்றால் விவரம் கேட்கிறீர்கள், அவ்வளவுதான். ஹைபிரிட் என்றால் சில நாள் ஆபிஸ், சில நாள் வீடு. ஆபிசுக்கு இரண்டு நாள் வந்தால் போதும் என்று ஒரு கம்பெனி சொல்லும், நான்கு நாள் என்று இன்னொன்று சொல்லும். தகுதிகாண் காலம் முழுக்க தினமும் வரச் சொல்லும் இடங்களும் உண்டு. மலாயிலோ ஆங்கிலத்திலோ இந்தச் சாரத்தில் எழுதுங்கள்:

“வணக்கம். உங்கள் கணக்கு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். நான் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். வாரத்தில் எத்தனை நாள் ஆபிசுக்கு வரவேண்டும், எந்தெந்த நாட்கள், தகுதிகாண் காலத்திலும் இதே முறைதானா என்று தெரிவிக்க முடியுமா? நன்றி.”

ஊர்ப் பெயரை விட்டுவிடாதீர்கள். ஏன் கேட்கிறீர்கள் என்பது அதிலேயே புரிந்துவிடும், வேறு காரணம் எழுத வேண்டியதில்லை.

‘செவ்வாய், வியாழன் ஆபிஸ், முதல் மூன்று மாதம் தினமும்’ என்று பதில் வருகிறது என்று வையுங்கள். அப்படியென்றால் மூன்று மாதத்துக்கு அங்கே அறை எடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகும் நடுவில் புதன் இருப்பதால் வாரம் இரண்டு முறை ரயிலேற வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு இரவு தங்க வேண்டும். செவ்வாய், புதன் என்று அடுத்தடுத்து வந்தால் ஒரே பயணம், ஒரே இரவு. அறை வாடகையையும் இ.டி.எஸ் டிக்கெட்டையும் சம்பளத்தில் கழித்துப் பார்த்தபிறகு விண்ணப்பியுங்கள். நாட்களை மாற்ற முடியுமா என்பதை இப்போதே கேட்காதீர்கள், அது இண்டர்வியூவில் பேச வேண்டியது.

கேள்வி: எதற்கு இவ்வளவு பணிவு? 2023 முதல் வீட்டிலிருந்து வேலை செய்ய சட்டமே உரிமை கொடுத்திருக்கிறதே?

பதில்: பாதி சரி, அண்ணே. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்தது. வேலை நேரம், நாள், இடம் இவற்றை மாற்றக் கேட்டு ஊழியர் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும், மறுத்தால் காரணமும் சொல்லவேண்டும். அதாவது கேட்கத்தான் உரிமை, முதலாளி மறுக்கலாம். இன்னும் வேலையில் சேராதவருக்கு அந்த 60 நாள் கணக்கும் கிடையாது.

கேள்வி: நான் இப்படித்தான் மின்னஞ்சல் போட்டுக் காத்திருந்தேன். பதிலே வரவில்லை, கடைசித் தேதியும் போய்விட்டது. கேட்டதே தப்பா?

பதில்: கேட்டதில் தப்பில்லை, காத்திருந்ததுதான் இழப்பு. தேதி நெருங்கினால் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, அதே கேள்வியை முகப்புக் கடிதத்தின் கடைசி வரியில் வையுங்கள். இண்டர்வியூவுக்குக் கூப்பிடும்போது அவர்களே சொல்லிவிடுவார்கள். நாள் இருந்தால் ஒரு வாரம் கழித்து ஒரு முறை போன் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம், தொழுகைக்குப் போயிருப்பார்கள். ஏஜென்சி போட்ட விளம்பரம் என்றால், கம்பெனியிடம் கேட்டுச் சொன்னார்களா, தாங்களாகச் சொன்னார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கும் வீட்டிலிருந்து செய்யும் வேலை ஒன்று வந்திருக்கிறது, டெலிகிராமில். 200 ரிங்கிட் கட்டினால் இன்றே ஆரம்பிக்கலாமாம். என்ன கேட்கவேண்டும்?

பதில்: ஒன்றும் கேட்காதீர்கள் அம்மா, கட்டவும் கட்டாதீர்கள். வேலை கொடுப்பவர் பணம் வாங்கமாட்டார். ஏற்கெனவே கட்டியிருந்தால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழையுங்கள்.

கேள்வி: முதலில் எழுதிய தங்கச்சிதான். அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதையும் முதல் கடிதத்திலேயே எழுதட்டுமா? பக்கத்து வீட்டு மாமா, தோட்டக் கிராணியாக இருந்தவர், மறைக்காதே, பின்னால் வம்பாகும் என்கிறார்.

பதில்: மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முதல் கடிதத்தில் அதை எழுதினால், உங்கள் தகுதியைப் பார்க்கும் முன்பே ‘அடிக்கடி லீவு எடுப்பாள்’ என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். இண்டர்வியூவில் நாள் விவரம் பேசும்போது சொல்வதே நல்லது என்று நினைக்கிறேன். மாமா ஒத்துக்கொள்ளமாட்டார், முடிவு உங்களுடையது. எதுவானாலும் வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் ‘பணியிடம்’ என்ற பகுதியைப் படியுங்கள். மின்னஞ்சலில் இரண்டு நாள் என்று சொல்லிவிட்டு, கடிதத்தில் பெட்டாலிங் ஜெயா ஆபிஸ் என்று மட்டும் இருந்தால், அந்த இரண்டு நாளையும் அதில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.