கேள்விப் பட்டியலோடு போய் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை

கேள்வி: லிங்க்ட்இனில் ஸ்லைடு ஸ்லைடாகத் தள்ளிப் படிக்கும் கரோசல் பதிவுகள் எழுதிக் கொடுக்கிறேன். கிளையன்ட் ஒரு தொழிலதிபர், பயங்கர பிஸி, 20 நிமிடத்துக்கு மேல் தர மாட்டேன் என்கிறார். அவர் பேசுகிற மாதிரியே எழுத்து வர வேண்டும் என்றால் பேட்டியில் என்ன கேள்விகள் கேட்பது?

நீங்கள் ஏற்கெனவே ஒரு கேள்விப் பட்டியல் தயார் செய்து வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் முதல் கேள்வி "உங்கள் தொழில் பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். கோபமாகச் சொல்லவில்லை, அதே பட்டியலோடு போய் நான் பட்டதால் சொல்கிறேன்.

நான் இருப்பது சேலம் அஸ்தம்பட்டி. இங்கே ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவருக்கு எழுத வேண்டி வந்தது. அவருடைய மகன்தான் லிங்க்ட்இன் ஆசையில் ஒரு ஏஜென்சி மூலம் என்னைப் பிடித்தான், அப்பாவுக்கு அதில் பெரிய நாட்டமில்லை. ஜவ்வரிசிக்கான மரவள்ளிக்கிழங்கு வரத்து சீசன் வேறு. நேரில் பார்க்கவே முடியாது என்றதால் 14 கேள்விகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "உங்கள் நிறுவனத்தின் மதிப்புகள் என்ன?" என்பதற்கு "நாணயம்" என்று பதில் வந்தது. "வெற்றிக்குக் காரணம்?" என்பதற்கு "கடவுள்". மீதி 12 கேள்விகளுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு எமோஜி.

அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு 10 ஸ்லைடு எழுதினேன். முதல் ஸ்லைடு "தரம் என்பது ஒரு பயணம்". இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவர் ராத்திரி போன் செய்து, "ஏம்மா, நல்லாத்தான் எழுதியிருக்கற. ஆனா இது நான் இல்லையே" என்றார். அந்த "நல்லாத்தான்" இருக்கிறதே, அது திட்டியதைவிட மோசம்.

அப்புறம் நேரில் போனேன். அவர் எடைமேடைப் பக்கம் நின்றுகொண்டிருந்தார், லாரிகள் வரிசையாக நிற்கின்றன, ஒரு நிமிடத்துக்கு ஒரு போன். "இங்க பேச முடியாதும்மா, ஆத்தூர்ல ஒரு காடு பாக்கப் போறேன், வண்டில ஏறிக்க, போறப்பப் பேசலாம்" என்றார். காடு என்றால் எங்கள் பக்கம் விவசாய நிலம். பிஸியான ஆளிடம் கிடைக்கும் மிக நல்ல பேட்டி இதுதான் என்று இன்று வரை நம்புகிறேன். மேஜைக்கு எதிரே உட்கார வைத்தால் மனிதர் மேடையில் பேசுவதுபோலப் பேசுவார். வண்டியில் கண் ரோட்டில் இருக்கும், வாய் தன் பாட்டுக்குப் பேசும். டிரைவர் ஓட்டினார், அவர் முன் சீட்டில், நான் பின்னால். (உங்கள் கிளையன்ட் தானே ஓட்டுகிறவர் என்றால் இதை முயற்சி செய்யாதீர்கள்.)

பதிவு பற்றி ஒரு விஷயம். கேட்டுவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும், அதில் சமரசம் இல்லை. என் போனை ஃபிளைட் மோடில் போட்டு, ரெக்கார்டரை ஓட விட்டு, மைக் மேலே பார்க்கும்படி அவர் சட்டைப் பையில் வைக்கச் சொன்னேன். டேஷ்போர்டில் வைத்தால் ஏசி சத்தமும் ரோட்டுச் சத்தமும்தான் பதிவாகும். ஃபிளைட் மோடு ஏன் என்றால், பல போன்களில் அழைப்பு வந்ததும் பதிவு நின்றுவிடும். ஒருமுறை அப்படி நின்று, அரை மணி நேரம் வெறும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, கடைசியா எந்த விவசாயியோட சண்டை வந்துச்சு?"

சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு 11 நிமிடம் நான் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை.

தெரியாதவர்களுக்காக: எங்கள் பக்கம் மரவள்ளிக்கிழங்குக்கு விலை, எடையை மட்டும் வைத்துப் போடுவதில்லை. கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து அதைப் "பாயிண்ட்" என்பார்கள். ஒரு பாயிண்ட்டுக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு. சண்டை எல்லாம் இந்தப் பாயிண்ட்டில்தான். ஒரு விவசாயி தன் கிழங்கு 28 பாயிண்ட் என்று நம்பிக் கொண்டுவந்திருக்கிறார், இங்கே பார்த்தால் 25. கத்தியிருக்கிறார். இவர் என்ன செய்தார் என்றால், லோடுக்கு நடுவிலிருந்து கிழங்கை அந்த விவசாயியையே எடுக்கச் சொல்லி, அவர் கண் முன்னாலேயே மறுபடி பார்க்க வைத்தார். 26 வந்தது. 26-க்கே பணம் கொடுத்தார்.

இதை அவர் எப்படிச் சொன்னார் என்பதுதான் முக்கியம். பதிவிலிருந்து அப்படியே தருகிறேன்: "இருபத்தெட்டுக்கும் இருபத்தாறுக்கும் ரெண்டு பாயிண்ட். பாயிண்ட் நானூறுன்னு வெச்சுக்க, டன்னுக்கு எண்ணூறு. லோடு பத்து டன்னு. எட்டாயிரம் ரூபா. சண்டை வராம என்ன செய்யும்?" (நானூறு என்பது அவர் பேச்சுக்குச் சொன்ன கணக்கு, மார்க்கெட் விலை அது இல்லை என்று யாரும் கமெண்டில் வர வேண்டாம்.) பாயிண்ட் ஏன் குறைந்தது என்று கேட்டதற்கு, "மழை பேஞ்ச காட்டுல புடுங்குன கெழங்கு தண்ணி குடிச்சிருக்கும். அதுக்கு மேல ரெண்டு நாள் போட்டு வெச்சா மாவு எங்க நிக்கும்?" என்றார்.

"தரம் ஒரு பயணம்" என்று எழுதிய கை இது என்று வெட்கமாக இருந்தது.

நடுவில் ஒரு தப்பும் செய்தேன், அதைச் சொல்லாவிட்டால் இந்தப் பதிலுக்கே பயனில்லை. அவர் விவசாயி கண் முன்னால் பார்க்க வைத்ததைச் சொன்னபோது ஆர்வத்தில், "அதாவது வெளிப்படைத்தன்மைண்ணா" என்று எடுத்துக் கொடுத்துவிட்டேன். "ஆமா ஆமா, அதேதான்" என்றார். அடுத்த ஐந்து நிமிடத்தில் அவரே மூன்று தடவை வெளிப்படைத்தன்மை என்றார். வீட்டுக்கு வந்து எழுதி எடுக்கும்போது, ஆகா, இவருக்குப் பிடித்த சொல் போல என்று அடிக்கோடு போட்டேன். பிறகு மேலே போய்ப் பார்த்தால் முதலில் சொன்னது நான். அவருடைய சொல் "கண்ணு முன்னாடி". அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: ஒரு சொல் அவருடையது என்று தோன்றினால், பதிவில் அதை முதலில் சொன்னது யார் என்று தேடுவேன். நான் என்றால் அடித்துவிடுவேன். பேட்டியின்போது நான் சொல்வது இப்போதெல்லாம் "அப்புறம்?", "அதுக்கு அவரு என்ன சொன்னாரு?", அவ்வளவுதான். "சூப்பர்ண்ணா" கூடக் கிடையாது. பாராட்டினால் உடனே பாராட்டுக்குப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அவர் நிறுத்தினால் மனதுக்குள் ஐந்து எண்ணுவேன். பாதி நேரம் அந்த ஐந்துக்குள்ளேயே நல்ல வரி வந்துவிடும்.

ஆத்தூர் போய்ச் சேர்ந்தபோது, போன் அழைப்புகளைக் கழித்தால், 22 நிமிடப் பேச்சு கையில் இருந்தது. அந்த அழைப்புகளையும் சும்மா விடவில்லை. அவர் மற்றவர்களிடம் பேசும் தோரணையைக் கவனித்தேன், விஷயத்தைத் தொடவில்லை, அது என் வேலை இல்லை. 22 நிமிடத்தைக் கையால் எழுதி எடுக்க இரண்டரை மணி நேரம் ஆனது. ஆள் வைத்துச் செய்யலாம்தான், ஆனால் ஒருவர் எங்கே மூச்சு விடுகிறார் என்பது நாமே எழுதும்போதுதான் காதில் ஏறுகிறது. எனக்கு ஏறியது இவ்வளவு: எதையும் எண்ணில்தான் ஆரம்பிக்கிறார். கேள்வியில் முடிக்கிறார். "நான்" என்று சொல்வதே இல்லை, "நம்மகிட்ட" தான். அருமையான, சிறந்த மாதிரிச் சொற்கள் 22 நிமிடத்தில் ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் பேச்சை அப்படியே ஸ்லைடில் போட்டுவிடலாமா என்றால், கூடாது. "வந்து" மட்டும் 41 தடவை சொல்லியிருக்கிறார். பேச்சில் அது காதில் விழாது, எழுத்தில் பல்லில் கல் மாதிரி. "புடுங்குன" என்பதைப் "பிடுங்கின" ஆக்கினேன், ஏனென்றால் வெளியூர் வியாபாரிகளும் படிக்க வேண்டும். "தண்ணி குடிச்சிருக்கும்" என்பதை மட்டும் தொடவில்லை. சொல் வரிசையையும் மாற்றவில்லை. ஒரு ஸ்லைடுக்கு 20, 25 சொல்லுக்கு மேல் போகாமல் 9 ஸ்லைடு, 1080×1350 அளவில் பிடிஎஃப். முதல் ஸ்லைடு: "2 பாயிண்ட். 8000 ரூபாய். சண்டை வராமல் என்ன செய்யும்?" இரண்டாவது: "28 என்று நம்பி வந்தார். நம்மகிட்ட 25 காட்டியது." மூன்றாவது: "நடு லோடுல நீங்களே எடுங்க என்றோம்." எனக்கு இதில் வேலையே இல்லாத மாதிரி இருந்தது. அப்படி இருந்தால் சரியாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒப்புதலுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். "ஓகேமா" என்று வரும், படித்திருக்க மாட்டார்கள். ஆலை அடங்கின பிறகு, ஏழரை மணிக்குப் போன் செய்து ஒவ்வொரு ஸ்லைடாக வாசித்தேன். எங்கே குறுக்கிடுகிறாரோ அங்கே குரல் தப்பியிருக்கிறது. ஆறாவது ஸ்லைடில் குறுக்கிட்டார். "விவசாயி தன் தவறை உணர்ந்தார்" என்று போட்டிருந்தேன். "அய்யோ, அப்படிப் போடாதம்மா. அவன் நாளைக்கும் நம்மகிட்ட லோடு கொண்டாரணும்" என்றார். அந்த ஒரு வரியில் அவர் யார் என்று எனக்குப் புரிந்தது, 14 கேள்வியில் வராதது. ஸ்லைடை "ஒரு பாயிண்ட் நம்மகிட்டயும் தப்பு இருந்தது" என்று மாற்றினோம். அவரே சொன்னது. விவசாயியின் ஊர், லாரி அடையாளம் எதையும் எழுதவில்லை.

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. இடையில் இருந்த ஏஜென்சி டிசைனர் "தண்ணி" என்பதை "நீர்" என்று திருத்தி அனுப்பினார், "கொச்சையா இருக்கே மேடம்" என்று. போதாததற்குத் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்காத செட்டிங்கில் ஒட்டியதில், ஒற்றைக்கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. இது படிக்க முடியுமா என்று கேட்டால், "எங்க சிஸ்டத்துல சரியாத்தான் தெரியுது" என்கிறார். அந்த ஏஜென்சி எனக்கு இன்னும் பாதிப் பணம் தரவில்லை, 45 நாளில் தருகிறோம் என்று சொல்லி மூன்று மாதமாகிறது. கேட்டால் "எழுதறது மட்டும்தானே மேடம்" என்கிறார்கள். சரி, அது உங்கள் கேள்வி இல்லை.

அடுத்தவர் பெயரில் எழுதுவது ஏமாற்று வேலை என்று இங்கே ஒருவர் ஏற்கெனவே பதில் எழுதியிருக்கிறார். அவர் சொல்லாததை எழுதினால் ஏமாற்றுதான், என் முதல் 10 ஸ்லைடு அதுதான். 20 நிமிடத்தில் ஒரு மனிதரின் குரல் முழுக்கக் கிடைக்குமா என்று கேட்டால் கிடைக்காது. ஒரு கரோசலுக்குப் போதும். அடுத்ததற்கு மறுபடி போக வேண்டும்.

போன வாரம் அவரே கூப்பிட்டார். "ஏம்மா, இன்னைக்கு காலைல பெரிய சண்டை. ரெண்டு மணிக்கு ஆத்தூர் போறேன், வர்றியா?"